ஒன்பது டயமண்டில் தொடங்கும் சக்கரம்

இலவசமாக இறக்கிக்கொள்ளும் மொபைல் கேம்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் விளம்பரம் என்பார்கள். அதிலும் கொஞ்சம் வருவது உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை பையன்கள் மொய்த்துக் கிடக்கும் பெரிய துப்பாக்கிச் சண்டை கேம்கள் சம்பாதிப்பது உள்ளே நடக்கும் விற்பனையில். ஆடுபவனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு ஒரு நிறம், ஜெயித்தால் ஆடிக்காட்ட ஒரு நடனம். இதில் ஒரு பகுதி நேரடி விற்பனை. பொருள் தெரியும், விலை தெரியும், பிடித்தால் வாங்கலாம். இன்னொரு பகுதியில் பொருளை விற்பதில்லை, பொருள் கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பை விற்கிறார்கள். காசைக் கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது சக்கரத்தைச் சுற்ற வேண்டும். என்ன விழுந்தது என்பது அதற்கு அப்புறம்தான் தெரியும். இந்த வகைக்கு லூட் பாக்ஸ் என்று பொதுப்பெயர். கிரேட், ஸ்பின், ஜப்பானிய வழி வந்த கேம்களில் கச்சா என்று பெயரும் வடிவமும் மாறும், வேலை ஒன்றுதான்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு வளையம் எறியும் கடை தெரியும். காசைக் கொடுத்தால் சில வளையங்கள் தருவார்கள். சோப்பு டப்பா மேல் விழுந்தால் சோப்பு, பொம்மை மேல் விழுந்தால் பொம்மை. அதுவும் வாய்ப்பை விற்கிற கடைதான், அங்கேயும் பிள்ளைகள் காசை விடுகிறார்கள். அப்படியிருந்தும் யாரும் அதை ஒரு பெரிய அநியாயமாகப் பேசுவதில்லை. ஏனென்றால் அங்கே கையில் இருப்பது ரூபாய் நோட்டு, அது குறைவது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது முறை காசு கேட்டால் பக்கத்தில் நிற்கும் அப்பா “போதும், வா” என்பார். ராத்திரி கடையை மூடிவிடுவார்கள். கடைக்காரருக்கு இந்தப் பையன் நேற்று எந்தப் பொம்மையைப் பார்த்து ஏங்கினான் என்பதும் தெரியாது. லூட் பாக்ஸில் இந்தத் தடுப்புகள் ஒன்றுகூட இல்லை. அதில் இருக்கும் நெறிச் சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசமே நல்ல தொடக்கம்.

நான் செல்லூரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினோராம் வகுப்பில் நிகழ்தகவு பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் தன் போனை நீட்டி, “சார், இதுல கணக்கு போட முடியுமா?” என்று கேட்டான். திரையில் ஒரு சக்கரம். முதலில் பத்துப் பொருள்களைக் காட்டி, வேண்டாத இரண்டை எடுத்துவிடச் சொல்கிறது. மீதி எட்டு. சுற்றினால் ஒன்று விழும், விழுந்தது மறுபடி வராது. எட்டு முறை சுற்றினால் எட்டும் கிடைத்துவிடும். ஏமாற்று எங்கே இருக்கிறது, எல்லாம் நியாயமாகத்தானே தெரிகிறது என்று தோன்றும். எனக்கும் முதல் பார்வைக்கு நியாயமாகவே பட்டது.

விலையைப் பாருங்கள், அது டயமண்ட் என்ற கேமுக்குள் செல்லும் காசில் இருக்கிறது. முதல் சுற்றுக்கு 9 டயமண்ட். இரண்டாவதுக்கு 19, மூன்றாவதுக்கு 39, அப்புறம் 69, 99, 149, 199. எட்டாவது சுற்றுக்கு 499. எல்லாம் கூட்டினால் 1082. அவன் கேமில் 100 டயமண்டுக்கு 80 ரூபாய். அப்படியானால் முதல் சுற்றின் விலை ஏழு ரூபாய் சொச்சம், ஒரு டீக்குக்கூட வராத காசு. முதல் நான்கு சுற்றும் சேர்த்தால் 136 டயமண்ட், சுமார் 109 ரூபாய். ஏழு சுற்றில் 583 டயமண்ட், சுமார் 466 ரூபாய். எட்டாவது ஒன்று மட்டுமே ஏறக்குறைய 400 ரூபாய்.

அந்தச் சக்கரத்தில் எல்லாருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று, நடுவில் மினுக்கும் அந்த உடை. மற்ற ஏழும் யாரும் தேடிப்போய் வாங்காத சில்லறைச் சாமான். அப்படியானால் கேள்வி இதுதான்: அந்த உடை எத்தனையாவது சுற்றில் விழும்?

பையன் போட்டிருந்த கணக்கு ரொம்ப எளிது. எட்டுப் பங்கு, எல்லாம் ஒரே அளவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் விழும் வாய்ப்பு சமம். முதலில் விழுந்தால் 9 டயமண்ட், கடைசியில் விழுந்தால் 1082. இப்படி எட்டு நிலைக்கும் சராசரி எடுத்தால் சுமார் 315 டயமண்ட் வருகிறது. அதாவது 250 ரூபாய்க்கு அந்த உடை. “பரவாயில்லையே சார்” என்றான். அவன் போட்ட சராசரி சரிதான். பங்குகள் சமம் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிரச்சினை. திரையில் எட்டுக் கட்டமும் ஒரே அளவில் வரைந்திருப்பதால், எட்டுக்கும் ஒரே வாய்ப்பு என்று ஆகிவிடாது. சக்கரம் சுற்றுவது படம் மட்டும்தான். எது விழ வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் நிரல் ஒவ்வொரு பொருளுக்கும் வைத்திருக்கும் எடையைக் கொண்டு முடிவு செய்கிறது, முள் அதற்கேற்ப வந்து நிற்கிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு டப்பாவில் சீட்டுகள் இருக்கின்றன. உடைக்கு ஒரே ஒரு சீட்டு, மற்ற ஏழு பொருளுக்கும் ஆளுக்கு ஒன்பது. மொத்தம் 64. முதல் சுற்றில் உடை விழும் வாய்ப்பு 64இல் ஒன்று, அதாவது ஒன்றரை சதவீதம் சொச்சம். ஒரு சாமான் விழுந்ததும் அதன் ஒன்பது சீட்டையும் எடுத்துவிடுவார்கள், அடுத்த சுற்றில் 55இல் ஒன்று. அப்புறம் 46இல் ஒன்று. இப்படியே போய் ஏழாவது சுற்றில் 10இல் ஒன்று. ஏழு முறையும் உடை விழாமல் இருக்கும் வாய்ப்புகளை வரிசையாகப் பெருக்கினால் 0.756 வருகிறது. நான்கு பேர் சுற்றினால் மூன்று பேர் கடைசிச் சுற்று வரை போய் 1082 டயமண்டும் கட்டித்தான் அந்த உடையை எடுப்பார்கள். சராசரி 315 என்று நம்பி இறங்கிய அந்த மூன்று பேருக்கும் உண்மையான செலவு மூன்று மடங்குக்கு மேல். எந்த கேமில் எந்த எடை என்பது அதை நடத்துபவர்கள் கையில். இங்கே இருப்பது கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எடை. ஆனால் எடை சமமாக இருந்தாலும் இப்படி இருந்தாலும் வெளியே தெரியும் சக்கரம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இதில் இன்னொரு சின்ன விஷயம் என்னை உறுத்தியது. அவன் காட்டிய டாப்-அப் பட்டியலில் 800 ரூபாய்க்கு 1060 டயமண்ட். சக்கரத்தின் மொத்தம் 1082. சரியாக 22 குறைகிறது. கடைசிச் சுற்றில் வந்து நிற்பவன் இன்னொரு 80 ரூபாய் போட்டே ஆக வேண்டும், போட்டால் 78 டயமண்ட் மிச்சம் கிடக்கும். மிச்சம் கிடப்பது அடுத்த சக்கரத்துக்கு அழைப்பு. திட்டமிட்டு வைத்தார்களா, தற்செயலா என்று என்னால் சொல்ல முடியாது. விளைவு ஒன்றுதான்: உடையின் விலை 880 ரூபாய். அவன் அம்மா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார், அவருக்கு அது ஏறத்தாழ இரண்டு நாள் சம்பளம். “இந்தச் சட்டை 880 ரூபாய், வாங்கித் தாங்கம்மா” என்று அவன் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பது அவனுக்கே தெரியும். ஆனால் 880 என்ற எண் அந்தத் திரையில் எங்கேயுமே வரவில்லை. முதலில் தெரிவது 9.

லூட் பாக்ஸ் தப்பா சரியா என்ற விவாதத்தில் நான் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். கேம் கம்பெனி காசு கேட்பதில் தப்பில்லை, உழைத்துச் செய்கிறார்கள். முதல் ரூபாயைப் போடுவதற்கு முன்னால், இது எனக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆகும், கிடைக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று வாங்குபவனால் தெரிந்துகொள்ள முடிகிறதா? முடியாதபடி செய்துவிட்டு, “அவனாத்தானே வாங்கினான்” என்று சொல்வது நியாயமாகாது. சம்மதம் என்பதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும், விவரத்தை எடைபோடும் வயதும் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இடறுகிறது.

சக்கரத்துக்காவது எட்டு என்ற எல்லை உண்டு. எல்லையே இல்லாத பெட்டிகளும் இருக்கின்றன. ஒரு பெட்டியில் அரிய பொருள் விழ ஒரு சதவீத வாய்ப்பு என்று எழுதியிருந்தால், நூறு பெட்டி திறந்தால் கண்டிப்பாக வரும் என்றுதான் டியூஷனில் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள். கணக்குப்படி நூறு திறந்தும் வெறுங்கையோடு எழுபவர்கள் நூற்றுக்கு 37 பேர். ஒவ்வொரு பெட்டியும் புதுப்பெட்டி, முன்னால் தோற்றது அதற்கு நினைவில் இருக்காது. “இத்தனை தடவை வரலை, அடுத்து வந்துரும்” என்பது கேமில் மட்டும் உள்ள மயக்கமும் இல்லை. 2003இல் லாட்டரியை இழுத்து மூடிய மாநிலம் இது. அதற்கு முந்தைய வருடங்களைப் பார்த்தவர்கள் வீட்டில் யாராவது ஒருவருக்கு இந்த வசனம் தெரிந்திருக்கும்.

ரூபாயை டயமண்டாக மாற்றுவதும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 149 டயமண்ட் என்றால் எவ்வளவு ரூபாய் என்று சுற்றும் வேகத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை. சில கேம்களில் இது இரண்டு மூன்று அடுக்காக இருக்கிறது. கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் காசு கொடுத்து ஒரு வகைப் படிகம் வாங்கி, அதை இன்னொரு வகைக் கல்லாக்கி, அந்தக் கல்லைக் கொடுத்துச் சுற்றுக்கான டோக்கன் வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த அடுக்குமாற்றுதான் பிள்ளைகளுக்கு உண்மைச் செலவை மறைக்கிறது என்று வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் அந்த கேமை நடத்தும் நிறுவனம் 2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் அனுமதி இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தையும் மாற்று விலையையும் தெளிவாகக் காட்ட வேண்டும், நேரடியாக உண்மைப் பணத்தில் வாங்கும் வழியும் இருக்க வேண்டும் என்பவை அந்த உடன்பாட்டில் உண்டு. நான் மேலே கேட்ட கேள்வியைத்தான் அவர்கள் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது பட்டது.

விலை மறைப்பு ஒரு பக்கம் என்றால் நெருக்கடி இன்னொரு பக்கம். சக்கரத்தின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு நாளில் இந்த உடை போய்விடும் என்று. போனது சில மாதம் கழித்துத் திரும்பி வருவதைப் பையன்களே சொல்கிறார்கள், ஆனாலும் கடிகாரம் ஓடும்போது அது நினைவுக்கு வருவதில்லை. நண்பர்கள் யார் எதை ஜெயித்தார்கள் என்ற அறிவிப்பு மேலே நகர்ந்துகொண்டிருக்கும். ஒன்றுமே வாங்காதவன் கேம் கொடுத்த சாதாரண உடையில் இறங்கினால் அவனுக்கு ‘நூப்’, அதாவது ஆடத் தெரியாதவன் என்று பெயர். அவன் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சரி. “இது வெறும் அழகுக்குத்தானே, ஜெயிக்க உதவாதே” என்று கம்பெனிகள் சொல்லும் சமாதானம் இந்த இடத்தில் செல்லாது. பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் ஏன் வைத்தார்கள் என்பதை யோசித்தால், அந்த வயதில் உடை வெறும் அழகு இல்லை என்பது புரியும்.

இந்தியாவில் இதைப் பிடிக்க ஒரு கொக்கி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, வேண்டாம் என்பவனை வெட்கப்பட வைப்பது, விடாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. ஷாப்பிங் ஆப்களை வைத்துத்தான் இதைப் பெரும்பாலும் பேசுகிறோம். டயமண்ட் விற்பதும் கடைதானே?

சூதாட்டச் சட்டங்கள் இதை ஏன் நேராகப் பிடிப்பதில்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 2022ஆம் வருடச் சட்டமும், மத்திய அரசு 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டமும் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கப் பார்க்கும் ஆட்டங்களை. கேமில் விழும் உடையைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டு காசு தருவதில்லை, அதனால் இது சூதில் சேருமா என்ற வாதம் முடியவில்லை. உலகம் முழுக்க இதே இழுபறிதான். பெல்ஜியம் 2018இல் காசு கட்டித் திறக்கும் பெட்டி சூதாட்டமே என்று முடிவுகட்டியது. நெதர்லாந்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள், 2022இல் அங்கே உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெட்டி தனி ஆட்டம் இல்லை, பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது அதன் காரணம். ஆஸ்திரேலியா தடைக்குப் போகாமல், 2024 செப்டம்பரிலிருந்து காசுக்கு லூட் பாக்ஸ் விற்கும் புதிய கேம்களுக்கு வயது முத்திரையை உயர்த்தியது. பெட்டிக்கு அதிகம் செலவழிப்பவர்களிடம் சூதாட்டப் பழக்கத்தின் அடையாளங்களும் கூடுதலாக இருப்பதை 2018 முதல் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பெட்டி அந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே அந்த இழுப்பு உள்ளவர்கள் பெட்டிக்குப் போகிறார்களா என்பதை அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. “லூட் பாக்ஸ் ஆடுறவன் சூதாடியா ஆயிருவான்” என்று வாட்ஸப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் எனக்கு உண்மையிலேயே யோசனை தந்த வாதம் ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு பையன் ஒரு ரூபாய்கூடப் போடாமல் இரண்டு வருடமாக ஆடுகிறான். “சார், காசு போடுறவன் போடட்டும், அதுனாலதான எனக்கு ஃப்ரீயா கிடைக்குது” என்றான். உண்மைதான். நேரடியாக விலை வைத்தால் அவனால் அந்த கேமைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் அந்த வருமானத்தின் பெரும்பங்கு நிறையப் போடும் ஒரு சின்னக் கூட்டத்திடமிருந்துதான் வருகிறது. அந்தக் கூட்டம் முழுக்கப் பணக்காரர்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிறுத்த முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள், அவர்களில் பள்ளிக்கூடப் பையன்களும் உண்டு. ஆக, அவன் இலவசமாக ஆடுவதற்கான காசில் ஒரு பகுதி ஜவுளிக்கடையில் நிற்கும் அம்மாவின் யுபிஐ கணக்கிலிருந்து போகிறது. உடையை நேரடி விலைக்கு விற்றாலும் பணக்காரன் வாங்கத்தான் போகிறான், கம்பெனியும் பிழைக்கத்தான் போகிறது. அதனால் இந்த வாதம் இலவச கேமுக்குப் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது.

வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றால், முதலில் காசு எந்த வழியாகப் போகிறது என்பது. அம்மாவின் போனிலேயே வாங்கியிருந்தால், பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் படத்தைத் தொட்டு `Payments & subscriptions`, அதற்குள் `Budget & history` போனால் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு தனிப்பட்ட பெரிய தொகையைத் தேடாதீர்கள். ஒரே நாளில் 80, 80, 80 என்று அரை மணி இடைவெளியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சக்கரத்தின் கால்தடம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கும்படி அதே பிளே ஸ்டோரில் வைத்துக்கொள்ளலாம். பையனின் விரலும் அந்த போனில் பதிந்திருந்தால் அதனால் பயனில்லை. இன்னொரு வழி ரிடீம் கோட். ரீசார்ஜ் கடையில் ரொக்கம் கொடுத்தால் கோட் கிடைக்கும், அதைப் போட்டால் பிளே ஸ்டோர் கணக்கில் காசு ஏறும். அது அம்மாவின் வங்கிக் கணக்கில் தெரியாது, பையனின் கூகுள் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

பதினெட்டு வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி செல்லாது. அதை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்க முடியும் என்றாலும், 80 ரூபாய்க்கு யாரும் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை. நடைமுறையில் பிளே ஸ்டோரிலேயே திருப்பிக் கேட்பதுதான் வழி, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு கூடுதல். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காசு திரும்பினால் சில கேம்கள் அந்த டயமண்டைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும், ஏற்கெனவே செலவாகியிருந்தால் கணக்கையே முடக்கவும் செய்யும். இரண்டு வருடம் ஏற்றிய லெவல் போய்விடும் என்ற பயத்தில்தான் பையன்கள் அந்த 48 மணி நேரம் முடியும் வரை வாயைத் திறப்பதில்லை. கேட்பதானால் முதல் நாளே, திட்டாமல் கேட்க வேண்டியிருக்கிறது.